பட்டியலில் தெரியும், ஓடாது

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்றைச் சரி என்று சொல்லிவிட்டால், அது தப்பென்று எனக்கே தெரிகிறவரை கத்திக்கொண்டிருப்பேன். தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் கத்துவேன். பன்னிரண்டு வருடம் அப்படித்தான் ஒரு விஷயத்துக்காகக் கத்திக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். என் அண்ணன் மகளுக்குச் சடங்கு வைத்தபோது மைக் பிடித்தவன் நான். போடியில் மண்டபம் நிறையக் கூட்டம். தாய்மாமன் சீர்தான் முதலில் மேடையேற வேண்டும். அதை மைக்கில் சொல்லி அழைக்க வேண்டும். அதுதான் முறை, அதில் பிசகினால் ஏழு தலைமுறைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். தாய்மாமன் என்றால் என் மதினியின் கூடப்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான். ராசிங்காபுரத்தில் தோட்டம் வைத்திருக்கிறார். அன்று அவர் சீரை வைத்துவிட்டு, சாப்பிடாமல் இறங்கிப் போனார். "என்னை மொதல்ல கூப்பிடல" என்பதுதான் அவர் சொன்ன ஒரே வாக்கியம். தங்கச்சியோடு போனில் பேசுவார். வாசலை மட்டும் மிதிக்க மாட்டார்.

"கூப்பிட்டேன்" என்றேன் நான். மேடை ஏறிச் சத்தியம் பண்ணாத குறை.

இந்த வருடம் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அண்ணனும் மதினியும் வெற்றிலை பாக்கோடு ராசிங்காபுரம் போனார்கள். மச்சான் தட்டைத் தொடவில்லை. "ஒங்க தம்பி அன்னைக்கு மைக்குல என்ன சொன்னான்னு அவன் வாயாலயே ஒத்துக்கிடட்டும். நான் வர்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பி வந்த மதினி சோபாவில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தாய்மாமன் இல்லாத மணவறையில் அந்தப் பெண் எப்படி உட்காரும்?

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எதை ஒத்துக்கிடச் சொல்றாரு? வீடியோ இருக்குல்ல மதினி? போட்டுக் காட்டுறேன். பாத்துட்டு அவரே வரட்டும்."

வீடியோ இருந்தது. இரண்டு விதமாக இருந்தது. ஒன்று, ஸ்டுடியோக்காரர் அன்று கொடுத்த டிவிடி. அதில் மாமன் சீர்தான் முதலில் வருகிறது. ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டை ஏற்றிவிட்டிருந்தார்கள். என் வாய் அசையும், பாட்டுதான் கேட்கும். இன்னொன்று, வெட்டாத மூலப்பதிவு. ஸ்டுடியோவைக் காலி பண்ணும்போது, "உங்க வீட்டு விசேஷம் இருக்கு, வேணும்னா வச்சுக்கங்க" என்று ஒரு ஹார்டு டிஸ்க்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கேமரா டேப்பிலிருந்து அப்படியே இறக்கியது. ஒரு மணி நேரப் படமே பதின்மூன்று ஜிபி.

அண்ணன் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஹாலில் சுவரோடு அறைந்த ஸ்மார்ட் டிவி. அதன் யூஎஸ்பி ஓட்டை சுவருக்கும் டிவிக்கும் நடுவில், விரல் நுழையாத இடத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தவனும் நான்தான். வைஃபை ரூட்டரின் பின்னால் டிஸ்க்கைச் செருகி, ரூட்டருக்குள்ளேயே இருக்கிற டிஎல்என்ஏ சர்வரை முடுக்கிவிட்டால் போதும். டிவி தானாகவே அதைக் கண்டுபிடித்து, டிஸ்க்கில் உள்ள படங்களை வரிசையாகக் காட்டும். நெட் பேக் தீர்ந்தாலும் கவலையில்லை, எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கிற போக்குவரத்து. அண்ணன் பழைய படங்களை அதில்தான் பார்ப்பார். தெருவில் நாலு பேருக்கு நான் அதை அமைத்துக் கொடுத்த பெருமையும் உண்டு.

மூலப்பதிவு இருந்த டிஸ்க்கைச் செருகினேன். பட்டியலில் வந்துவிட்டது. பெயர், அளவு, தேதி எல்லாம் சுத்தமாகத் தெரிந்தது. "பாத்தீங்களா?" என்று மதினியைப் பார்த்தேன். ஓகே பட்டனை அழுத்தினேன். சக்கரம் சுற்றியது. பிறகு திரையின் நடுவில் ஒரு கட்டம்: இந்தக் கோப்பு வடிவம் ஆதரிக்கப்படவில்லை.

மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே கட்டம். அதே பட்டியலில், பெயரின் முடிவில் அதே ஏவிஐ என்ற வாலோடு கிடந்த சினிமா ஒன்றை அழுத்தினால் ஜம்மென்று ஓடுகிறது. இது மட்டும் ஓடவில்லை. எனக்கு ரூட்டரைத் தூக்கி வாசலில் எறிய வேண்டும்போல் இருந்தது.

நான் வேலை பார்ப்பது ஏலக்காய்க் கடையில். ஏலத்துக்கு வருகிற மூட்டைகளுக்குச் சீட்டு கட்டி அடுக்குவது என் சோலி. சீட்டைப் பார்த்தே உலகத்தை நம்பிப் பழகியவன். ஃபைலின் சீட்டிலும் ஏதோ பிழை என்று முடிவு பண்ணினேன். டிஸ்க்கை போனில் மாட்டி, ஏவிஐ என்ற வாலை எம்பி4 என்று மாற்றினேன். திரும்ப ரூட்டரில் செருகினேன். பட்டியலில் புதுப் பெயரும் வந்தது, பழைய பெயரும் அழியாமல் நின்றது. பழையதை அழுத்தினால் கோப்பே இல்லை என்றது டிவி. புதியதை அழுத்தினால் இயக்க முடியாது என்றது. ஒரு சடங்குக்கு இரண்டு சீட்டு, இரண்டும் செல்லாது.

அண்ணன் மெதுவாகக் கேட்டார். "ஏண்டா, தெரியுது, ஓட மாட்டேங்குது. என்னதாண்டா உன் மெசினு?"

"மெசின் நல்லாத்தான் இருக்கு" என்று அவர் மேல் விழுந்தேன்.

மேலே, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் நண்பன் இருக்கிறான். இந்த டிஎல்என்ஏவை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். அங்கே போனில் சிக்னல் கோடு இருந்தாலே அதிசயம். குடியிருப்பில் இருக்கிற வீடுகளுக்குத் தன் லேப்டாப்பிலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமை படம் அனுப்புவான். காலையில் ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பில் தொற்றிக்கொண்டு, டிஸ்க்கை மடியில் வைத்தபடி மலை ஏறினேன். வளைவுக்கு வளைவு ஜீப் சாய்ந்தபோதெல்லாம் டிஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என் மானம் அதற்குள் இருப்பதாக நினைப்பு.

ஸ்டோரில் அப்போதுதான் காய் எடுத்துக் கொட்டியிருந்தார்கள். நண்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, லேப்டாப்பில் டிஸ்க்கை மாட்டினான். நான் பண்ணின பெயர் மாற்றத்தைப் பார்த்ததும் சிரித்தான்.

"அண்ணே, ஏழு எம்எம் காய் மூட்டையில எட்டு எம்எம்னு சீட்டுக் கட்டுனா காய் பெருத்துருமா?"

"ஏன், சினிமாவும் ஏவிஐதான், இதுவும் ஏவிஐதான். அது மட்டும் எப்படி ஓடுது?"

"ஏவிஐங்கிறது சாக்கு. உள்ள என்ன இருக்குன்னு சாக்கு சொல்லாது. சினிமாவுல உள்ள இருக்கிறது டிவிக்குத் தெரிஞ்ச முறை. இது டேப்பு கேமரா காலத்து முறை. டிவிக்கு இத அவுக்கத் தெரியாது."

"அப்ப எதுக்குப் பட்டியல்ல காட்டுது?"

"பட்டியல் போடுறது ரூட்டரு. வாலைப் பாக்கும், வீடியோன்னு எழுதிக் குடுக்கும். கேட்டா ஃபைல இருக்கிறபடிக்கே தூக்கிக் குடுக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. ஓட்ட வேண்டியது டிவி. சில சர்வரு போற வழியிலயே மாத்திக் குடுக்கும், ஒங்க ரூட்டருக்கு அந்தத் தெம்பு கெடையாது. கொழப்பமில்ல, இங்கயே மாத்தி வச்சுத் தர்றேன்."

மலையில் இருந்து இருந்து அவன் பேச்சில் பாதி மலையாளம் ஏறிவிட்டது. ஒன்றும் பிரச்னையில்லை என்று அர்த்தமாகும் அவனுடைய 'கொழப்பமில்ல'வைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மேடையில் நான் மைக் பிடித்துப் பேசிய அந்த அரை மணி நேரத் துண்டை மட்டும் வெட்டி, டிவிக்குத் தெரிந்த முறைக்கு மாற்றப் போட்டான். அவன் காய் பார்க்கப் போனான். நான் லேப்டாப்பில் நகர்கிற பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் அவனுடைய குவார்ட்டர்ஸ் டிவியில் போட்டுப் பார்த்தோம். அண்ணன் வீட்டில் இருப்பதும் அதே கம்பெனி டிவிதான். படம் வந்தது! இளமையாக, முடியோடு, மைக்கோடு நான். பக்கத்தில் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு மச்சான். என் வாய் அசைகிறது. "பாத்தியா, கூப்பிடுறேன் பாரு" என்று நண்பனின் முதுகில் அடித்தேன். ஆனால் சத்தம் வரவில்லை. திரையின் கீழே, ஆடியோ வடிவம் ஆதரிக்கப்படவில்லை என்று ஒரு வரி வந்து போனது.

"படத்த மட்டும் மாத்துனேன், சத்தத்தத் தொடாம அப்படியே வச்சுட்டேன்" என்று நண்பன் தலையைச் சொறிந்தான். "படமும் சத்தமும் தனித்தனிச் சரக்கு அண்ணே. ஒண்ணு பிடிச்சு இன்னொண்ணு பிடிக்காமப் போறதும் உண்டு. அதையும் மாத்திருவோம்."

சத்தத்தை மாற்ற அதிக நேரம் ஆகவில்லை. இரண்டாவது ஃபைலைப் போட்டான். நாதஸ்வரம், குழந்தைகள் அழுகிற சத்தம், அப்புறம் என் குரல்.

"அண்ணே, தட்டு வச்சிருக்கிற அண்ணே, கொஞ்சம் ஓரமா ஒதுங்குங்க. கேமராவ மறைக்காதீங்க. முதலாவதாக நம்ம முதலாளி அவர்கள் மேடைக்கு வருமாறு அன்போடு அழைக்கிறோம்."

மச்சான் தட்டோடு ஓரமாக ஒதுங்கினார். என் முதலாளி, அந்தக் காலத்தில் நான் வேலை பார்த்த கடைக்காரர், கும்பிட்டுக்கொண்டே மேடையேறி ஆசீர்வாதம் பண்ணிவிட்டு இறங்கினார். அவருக்கு மதுரைக்குப் போகிற அவசரம். அது இப்போது எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கப்புறம்தான் நான் "தாய்மாமன் சீர்" என்று சொன்னேன். மச்சானைப் பெயர் தெரியாத ஆளைச் சொல்வதுபோல் 'தட்டு வச்சிருக்கிற அண்ணே' என்று சொல்லியிருக்கிறேன். முன்னூறு பேருக்கு முன்னால், மைக்கில்.

நண்பன் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான்.

திரும்பி வரும் ஜீப்பில் யோசித்துக்கொண்டே வந்தேன். நான் பொய் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மாமனை முதலில் கூப்பிட்டதாக என் மனசில் படமே இருக்கிறது. அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று பூப்பாறை போகிற பஸ் ஒன்றுக்கு வழிவிட்டு நின்றபோது புரிந்தது. டிவிடியிலிருந்து வந்தது. ஸ்டுடியோக்காரர் முறை தெரிந்தவர். வெட்டி ஒட்டும்போது மாமன் சீரை முன்னால் தூக்கி வைத்து, என் பேச்சின் மேல் பாட்டைப் போட்டு மூடிவிட்டார். நான் அதைப் பார்த்துப் பார்த்து அதையே நம்பிவிட்டேன். பன்னிரண்டு வருடமாக மச்சான் மனசில் இருந்தது வெட்டாத பதிவு. நாதஸ்வரத்திலும் குழந்தைகள் சத்தத்திலும் மற்றவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவரும் அந்த ஒரு வரியை யாரிடமும் சொல்லவில்லை. "ஓரமா ஒதுங்குன்னு சொன்னான்" என்று சொல்வதே அவருக்குக் கேவலமாக இருந்திருக்கும்.

கீழே இறங்கியபோது டிஸ்க்கில் புதிதாக இரண்டு ஃபைல் இருந்தது. சத்தம் வராதது ஒன்று, வருவது ஒன்று. சத்தம் வராததை அழிக்கச் சொல்லவில்லை நான். ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். வேறு யாரிடமும் சொல்லிக்கொள்கிற மாதிரியான காரணம் இல்லை அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வந்தார். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறை. "படம் பாக்க மட்டுந்தான் வந்தேன். தண்ணிகூட வேணாம்" என்று சொல்லிவிட்டு, சோபாவில் சாயாமல் விளிம்பில் உட்கார்ந்தார். மதினி தண்ணீர்ச் செம்போடு அடுக்களை வாசலிலேயே நின்றார். அண்ணன் ரிமோட்டை என்னிடம் கொடுத்தார்.

பட்டியல் வந்தது. இரண்டு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. என் விரல் தானாகவே மேலே இருந்ததை அழுத்தியது. தானாகவே என்று எழுதுவதும் பொய்தான். நான்தான் அழுத்தினேன்.

படம் ஓடியது. சத்தம் இல்லை. ஆடியோ ஆதரிக்கப்படவில்லை என்ற வரி வந்து போனது. எல்லாரும் என் வாய் அசைவதைப் பார்த்தார்கள். மச்சான் ஓரமாக ஒதுங்குவது தெரிந்தது, ஏன் ஒதுங்கினார் என்பது தெரியவில்லை. முதலாளி மேடைக்கு வருவதற்குள் நான் நிறுத்திவிட்டேன். "சத்தம் வரமாட்டேங்குது. டிவிக்கு இந்த ஆடியோ பிடிக்கல" என்றேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை அதில்.

மச்சான் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நின்ற படத்தில், சின்னப் பெண்ணாக, மாலையின் பாரம் தாங்காமல் உட்கார்ந்திருந்தாள் அவருடைய மருமகள். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சரி விடு மாப்ளே. வாய் அசையுது, கூப்பிட்டுத்தான் இருப்ப போல. அந்தக் கூட்டத்துல எனக்குத்தான் வேற மாதிரி கேட்ருக்கு. புள்ளை கல்யாணத்துல எதுக்கு இந்த வம்பு? நான் வர்றேன்."

மதினி "அண்ணே" என்று அழுதுவிட்டார். எல்லாம் முடிந்துவிட்டது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. பெண்ணுக்கு மாமன் கிடைத்தாயிற்று, என் பேச்சும் ஜெயித்தாயிற்று. டிவியை அணைத்துவிட்டுக் காபி கேட்டிருந்தால் போதும். ஆனால் தன் காதையே தப்பு என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டு நின்ற மனிதரைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"மச்சான், உக்காருங்க. இன்னொரு ஃபைல் இருக்கு. அதுல சத்தம் வரும்" என்றேன்.

"இருக்கட்டும்ப்பா, சோலி கெடக்கு."

"உக்காருங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்பதற்குக்கூட எனக்குக் கத்தத்தான் தெரிகிறது.

கீழே இருந்ததை அழுத்தினேன். என் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. கொஞ்சம் ஓரமா ஒதுங்குங்க, கேமராவ மறைக்காதீங்க. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மதினி முதலில் என்னைப் பார்த்தார், பிறகு தன் அண்ணனைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். "நான்தான் சொன்னேன் மச்சான். ஒங்கள ஒதுங்கச் சொல்லிட்டு என் மொதலாளியக் கூப்பிட்டேன். முந்தாநாளே எனக்குத் தெரியும். இப்பவும் மறைக்கத்தான் பாத்தேன். என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

மச்சான் போனை எடுத்து வீட்டில் இருந்த மனைவிக்கு அடித்தார். "ஏய், இதக் கேளு" என்று போனை டிவிப் பக்கம் நீட்டினார். என்னிடம், "இன்னொருக்காப் போடு மாப்ளே" என்றார். போட்டேன். "கேட்டியா? பன்னெண்டு வருசமா எனக்குக் காது மந்தம்னு சொன்னியே" என்றார் போனில். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. கண் இரண்டும் கலங்கியிருந்தன. போனை வைத்துவிட்டு சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆத்தா, அந்தத் தண்ணியக் கொண்டா" என்றார் தங்கச்சியிடம்.

கல்யாணத்துக்கு மைக் வேண்டாம் என்று நான் ஒதுங்கினேன். மச்சான்தான் விடவில்லை. "நீதான் பிடிக்கணும், வேற எவனும் பிடிக்கக்கூடாது" என்று என் கையில் திணித்தார். வீடியோ எடுக்க வந்தவர்களிடம், இந்த இடத்தில் பாட்டு ஏற்றாதீர்கள், சத்தத்தை அப்படியே விடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். தட்டோடு மச்சான் மேடை ஓரம் வந்து நின்றார். அவர் முதுகு கேமராவை மறைத்தது. கேமராக்காரர் எட்டிப் பார்த்து, கையை ஆட்டி, அவரை நகரச் சொல்லச் சொன்னார் என்னிடம்.

நான் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன். "கேமராக்காரத் தம்பி, நீங்க கொஞ்சம் ஓரமா ஒதுங்குங்க. பொண்ணோட தாய்மாமன் நிக்கிறாரு" என்றேன்.